டீச்சர், ஒரு அஞ்சு நிமிஷம்

தவணைப் பரீட்சை முடிந்து புள்ளி போடும் வாரம் வந்துவிட்டால் எங்கள் ஆசிரியர் ஓய்வறையில் அதிகம் கேட்கும் வசனம் இதுதான். “டீச்சர், ஒரு அஞ்சு நிமிஷம்.” கேட்பவர் கெட்டவர் இல்லை. நேற்று எங்களுக்காக பஸ்ஸில் இடம் பிடித்து வைத்தவர் அவர்தான். போன மாதம் எங்கள் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றபோது வகுப்பைப் பார்த்துக்கொண்டவரும் அவர்தான். அதனால்தான் இல்லை என்று சொல்வது இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது. இதை எழுதுவது யாரையும் குறை சொல்வதற்கு அல்ல. பெற்றோர்களும் ஊரவர்களும் இந்தப் பக்கத்தை வாசிக்கிறீர்கள் என்பதால் உங்களுக்கும் சேர்த்தே எழுதுகிறோம். அந்த ஐந்து நிமிடம் கடைசியில் உங்கள் பிள்ளையின் முன்னேற்ற அறிக்கையில்தான் வந்து நிற்கிறது.

எப்படி என்று ஒரு கணக்கோடு சொல்கிறோம்.

ஒரு வகுப்பில் 34 பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். விடைத்தாள்களைப் பதிவு இலக்கப்படி அடுக்கி வைத்து, கணினியில் பெயர்ப் பட்டியலுக்கு நேரே ஒவ்வொன்றாகப் புள்ளியை அடிக்கிறோம். 23 ஆம் இலக்கப் பிள்ளை பரீட்சைக்கு வரவில்லை, ஆகவே கட்டில் அவருடைய தாள் இல்லை. 16 வரை போட்டாயிற்று. 17 ஆம் தாளைக் கையில் எடுக்கும்போது “ஒரு அஞ்சு நிமிஷம்” வருகிறது. எழும்பிப் போய், பிரிண்டரில் சிக்கிய கடதாசியை இழுத்துக் கொடுத்துவிட்டு வந்து உட்காருகிறோம். சுட்டி ஒரு வரி கீழே, 18 இல் நிற்கிறது. அது கண்ணில் படவில்லை. 17 இன் புள்ளி 18 இல் விழுகிறது, 18 இன் புள்ளி 19 இல் விழுகிறது. இப்படியே போய் 22 இன் புள்ளி, பரீட்சைக்கே வராத 23 இன் வரியில் விழுகிறது. அடுத்துக் கையில் வருவது 24 இன் தாள். அடுத்த வெற்று வரியும் 24. இரண்டும் பொருந்திவிட்டன. அதிலிருந்து 34 வரை எல்லாம் சரியாகப் போகும்.

இதில் பயங்கரமான இடம் எது தெரியுமா? கடைசியில் நாங்கள் வழமையாகச் செய்யும் சரிபார்ப்பு எல்லாமே சரி என்று காட்டும். எத்தனை பேருக்குப் புள்ளி இருக்கிறது என்று எண்ணினால் 33. கையில் இருந்த தாளும் 33. மொத்தத்தைக் கூட்டினால் அதே மொத்தம். சராசரியும் அதே சராசரி. ஒரே எண்கள்தானே இடம் மாறி இருக்கின்றன. ஆனால் ஏழு பிள்ளைகளின் வரி பிழை. 17 ஆம் பிள்ளை பரீட்சைக்கு வராதவர் ஆகிவிட்டார். வராத 23 ஆம் பிள்ளைக்குப் பக்கத்துப் பிள்ளையின் புள்ளி கிடைத்துவிட்டது. நடுவில் உள்ள ஐந்து பேரும் ஒருவர் புள்ளியை ஒருவர் சுமக்கிறார்கள்.

எல்லோரும் வந்திருந்தால் பிழை தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும். கடைசித் தாளுக்கு வரி இல்லாமல் போகும், உடனே தேடுவோம். ஒரு பிள்ளை வராத வகுப்பில்தான் அது ஒளிந்துகொள்ளும். எங்கள் பக்கத்துப் பாடசாலைகளில் எந்த வகுப்பில்தான் எல்லாப் பிள்ளைகளும் பரீட்சைக்கு வருகிறார்கள்? அறுவடைக் காலம் என்றால் கேட்கவே வேண்டாம்.

இதைப் பிடிக்க ஒரு வழி உண்டு. புள்ளி போடத் தொடங்கும் முன்பே, வராத பிள்ளைகளின் வரியில் அன்றைய பரீட்சை வரவுப் பதிவைப் பார்த்து ‘வரவில்லை’ என்று எழுதிவிட வேண்டும். அப்போது 22 இன் புள்ளி போக இடமில்லாமல் முட்டிக்கொண்டு நிற்கும். இதைச் சொல்லித்தர அதிக நேரம் செல்லாது. ஆனால் எங்கள் பயிற்சிக் கலாசாலையில் யாரும் சொல்லித்தரவில்லை. மதிப்பீட்டுக் கோட்பாடு படித்தோம், புள்ளிப் பட்டியலில் வரி வழுக்கும் என்று படிக்கவில்லை.

வேலை நடுவில் குழப்புவது பிழைகளைக் கூட்டும் என்பது எங்கள் சொந்தக் கற்பனை அல்ல. அவுஸ்திரேலியாவில் சிட்னி நகரின் இரண்டு வைத்தியசாலைகளில் தாதிமார் மருந்து கொடுப்பதைப் பக்கத்தில் நின்று கவனித்து ஓர் ஆய்வு செய்தார்கள். 2010 இல் வெளியானது. மருந்து கொடுக்கும்போது குறுக்கிடப்படும் ஒவ்வொரு தடவைக்கும் பிழைகள் ஏறத்தாழ 12 சதவீதம் கூடியதாக அதில் கண்டார்கள். பிறகு ‘குறுக்கிடாதீர்கள்’ என்று எழுதிய மேலங்கியைத் தாதிமாருக்குப் போட்டுப் பார்த்தார்கள். குறுக்கீடு ஓரளவு குறைந்தது, ஆனால் அதைப் போட்டுக்கொண்டு வேலை செய்வது சூடு, தொல்லை என்று தாதிமாரே விரும்பவில்லை. இதைக் கேட்டபோது எங்களுக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் ஓய்வறைக் கதவில் ‘புள்ளிப் பதிவு நடைபெறுகிறது’ என்று ஒட்டிய கடதாசியும் இரண்டு நாள்தான் தாங்கியது. மூன்றாம் நாள் அதைப் பார்த்துக்கொண்டே கதவைத் திறந்து “டீச்சர்...” என்கிறார்கள். அறிவித்தல் செய்யாத வேலையை ஆள்தான் செய்ய வேண்டியிருக்கிறது. அதாவது வாயால் சொல்ல வேண்டியிருக்கிறது.

எதற்கு இல்லை சொல்வது, எதற்குச் சொல்லக்கூடாது என்பதைப் பிரித்துக்கொள்வதில்தான் பாதி விடயம் இருக்கிறது. ஒரு பிள்ளை மயங்கி விழுந்தது, ஒரு பிள்ளையின் கையில் அடிபட்டது என்றால் பேனாவை வைத்துவிட்டு ஓடுவதுதான் வேலை. அதில் வரிசை கிடையாது. அதிபர் கூப்பிட்டு ஒரு வேலை தந்தால் அதுவும் பக்க வேலை அல்ல. எங்களுக்கு வேலை பிரிக்கும் உரிமை அவருக்கு உண்டு. அவரிடம் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: “சேர், இதைச் செய்யலாம். ஒன்பதாம் வகுப்புப் புள்ளி வெள்ளிக்கிழமை தாறதா இருந்தது, அது திங்கட்கிழமை ஆகும். எது முதல் வேணும்?” இது மறுப்பு இல்லை. எதைப் பின்போடுவது என்ற முடிவு உரியவரிடம் போகிறது, அவ்வளவுதான். அநேகமாக அதிபர் “அப்ப முதல்ல புள்ளிய முடிங்க” என்பார்.

மிச்சம் இருப்பது சக ஆசிரியர்களின் வேண்டுகோள். அதில் இரண்டைப் பற்றி மட்டும் சொல்கிறோம்.

முதலாவது, வகுப்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்வது. ஒருவர் லீவு என்றால் பிரதி அதிபர் ரிலீப் கொப்பியில் பெயர் எழுதி அனுப்புவார், கையொப்பம் வைத்துவிட்டுப் போவோம். அது எங்கள் வேலை, எங்கள் வரிசையில் வந்த வேலை. அதற்கு முகம் சுளிப்பது சரியில்லை. ஆனால் “வங்கிக்கு ஒருக்கா போட்டு வாறன், எட்டாம் வகுப்ப எட்டிப் பாத்துக்கொள்ளுங்க” என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போவது வேறு. அந்த நேரத்தில் அந்த வகுப்பில் ஒரு பிள்ளை மதில் ஏறி விழுந்தால் பொறுப்பு யாருக்கு? நேரசூசியில் இருப்பது அவர் பெயர், பார்க்க ஒத்துக்கொண்டது நாங்கள், பிரதி அதிபருக்கு எதுவுமே தெரியாது. இதற்கு நாங்கள் எப்போதும் ஒரே பதில்தான் சொல்கிறோம்: “போட்டு வாங்க சேர், பிரச்சினை இல்ல. பிரதி அதிபரிட்ட ஒரு சொல் சொல்லி கொப்பியில எழுதச் சொல்லுங்க, நான் உடனே போறன்.” இதில் உதவியை மறுக்கவில்லை, எழுதாத உதவியைத்தான் மறுக்கிறோம். எழுதச் சொன்னதும் வங்கி வேலை பின்னேரத்துக்குத் தள்ளிப்போவதையும் பலமுறை பார்த்திருக்கிறோம். அதைப் பற்றி மேலே எதுவும் சொல்லவில்லை.

இரண்டாவது, கணினி வேலை. பாடசாலையில் வயது குறைந்தவருக்குக் கணினி தெரியும் என்பது எழுதப்படாத சட்டம். தெரியும் என்றால் எல்லோருடைய வினாத்தாளும் அவர் மேசையில். மூத்த ஆசிரியர் ஒருவர் பென் டிரைவைக் கொண்டு வருகிறார். “தமிழ்தான் வருதில்ல டீச்சர், ஏதோ இங்கிலீஷ் மாதிரி வருது, ஒருக்கா மாத்தித் தாங்க.” திறந்து பார்த்தால் ‘தமிழ்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் jkpo; என்று நிற்கிறது. பாமினி எழுத்துருவில் அடித்தது. இந்தக் கணினியில் பாமினி இல்லை. பாமினியில் ஆங்கில விசையின் மேல்தான் தமிழ் எழுத்தின் உருவம் ஒட்டியிருக்கிறது, உருவம் போனால் உள்ளே இருக்கும் ஆங்கில எழுத்து வெளியே தெரியும்.

கேட்பவர் ஏன் ஐந்து நிமிடம் என்கிறார்? மாற்றி ஒன்றில் போட்டு ஒரு பொத்தானை அழுத்தினால் யூனிகோட் வந்துவிடும் என்று அவர் யாரோ செய்யப் பார்த்திருக்கிறார். அது உண்மை. அதற்கு ஐந்து நிமிடம்கூட வேண்டாம். அவருக்குத் தெரியாதது அதன் பிறகு நடப்பது. வினாத்தாளில் இடையே இருந்த ஆங்கிலச் சொற்களையும் மாற்றி தமிழ் என்று நினைத்து மாற்றிவிடும். விஞ்ஞானத் தாளில் குறியீடுகள், அலகுகள் எல்லாம் அர்த்தமில்லாத தமிழாகிவிடும். (அ), (ஆ) தெரிவுகள் வரி கலைந்துவிடும். பின்னங்கள் உடைந்துவிடும். நாலு பக்கத் தாள் என்றால் ஒவ்வொரு வினாவையும் மூலத்தோடு வைத்துப் பார்த்துத் திருத்த வேண்டும், ஒரு பாடவேளை முழுதாகப் போகும். அதுவும் அந்தப் பாடம் தெரிந்தவருக்கு. நாங்கள் தமிழ் கற்பிப்பவர்கள் என்றால் விஞ்ஞானத் தாளில் எது பிழை என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? பிழையோடு அச்சாகிப் பிள்ளைகள் கையில் போனால் “டைப் பண்ணின டீச்சர்ட பிழை” என்றுதான் பேச்சு வரும்.

ஆகவே இதற்கு நாங்கள் சொல்வது இப்படி: “சேர், இது அஞ்சு நிமிஷ வேல இல்ல, ஒரு பாடம் போகும். இப்ப புள்ளி போட்டுக்கொண்டு இருக்கிறன். நாளைக்கு எனக்கு மூணாம் பாடம் ஃப்ரீ, நீங்களும் வாங்க. நான் மாத்தித் தாறன், நீங்க பக்கத்தில இருந்து திருத்துங்க.” இதில் மூன்று விடயங்கள் இருக்கின்றன. வேலையின் உண்மையான அளவு அவருக்குத் தெரிகிறது. எங்கள் கையில் இப்போது என்ன இருக்கிறது என்பது தெரிகிறது. அவருடைய பங்கு அவரிடமே திரும்பிப் போகிறது. மூன்றாவதுதான் முக்கியம். அவரும் வந்து உட்கார வேண்டும் என்றால் அவருக்கும் அது ஒரு பாடவேளை. சிலர் வருகிறார்கள், வந்தவர்களில் ஒருவர் இப்போது தானே மாற்றிக்கொள்கிறார். சிலர் வருவதில்லை, வேறு யாரையோ பிடித்துக்கொள்கிறார்கள். அதில் எங்களுக்கு மனவருத்தம் இல்லை. அவருக்கு அந்த வேலை எவ்வளவு அவசரம் என்பது அப்போதுதான் தெரிந்தது.

பதில் எவ்வளவு நீளம் இருக்க வேண்டும் என்பதிலும் ஒரு விடயம் உண்டு. எங்கள் ஊரில் இல்லை என்று சொல்ல வெட்கப்பட்டுக் காரணங்களை அடுக்குவோம். தலையிடி, வீட்டில் விருந்தாளி, கணினி மெதுவாக வேலை செய்கிறது என்று. காரணம் சொன்னால் கேட்பவர் அதைத் தீர்த்துத் தரப் பார்ப்பார். கணினி மெதுவா? “என்ட லெப்டொப்ப தாறன் டீச்சர்.” அதோடு இல்லை என்பதற்கு இடமே இருக்காது. பொய்க் காரணம் என்றால் அதைக் காப்பாற்ற இன்னொரு பொய் வேண்டும், பத்துப் பதினைந்து பேர் உள்ள ஓய்வறையில் அது ஒரு கிழமைகூடத் தாங்காது. உள்ளதைச் சொன்னால் போதும்: இப்போது செய்வது என்ன, எப்போது முடியும். “பார்ப்பம்”, “இன்ஷா அல்லாஹ் செய்வம்” என்று மனதில் இல்லாததை வாயால் சொல்வதும் இந்த வகைதான். அந்த வார்த்தையை மறுப்பின் மூடுதுணியாக நாங்கள் பாவிக்கும்போது கேட்டவர் மூன்று நாள் காத்திருக்கிறார். நேரே சொன்ன இல்லையைவிட அது அவருக்குச் செய்யும் கெடுதல் அதிகம். வேறு ஆளைத் தேடும் நேரத்தையும் அவர் இழந்துவிடுகிறார்.

இன்னொன்று, தலையைத் திருப்புவதற்கு முன் கையில் உள்ள வரியை முடிப்பது. “ஒரு நிமிஷம் சேர்” என்று சொல்லி, அந்தப் புள்ளியை அடித்து, அந்தத் தாளைக் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் நிமிர வேண்டும். கவிழ்ந்த தாளின் கடைசி இலக்கம் எங்கே நிறுத்தினோம் என்று சொல்லும். மரியாதைக் குறைவு என்று யாரும் நினைப்பதில்லை. நினைத்தால் 17 ஆம் பிள்ளையின் கதையைச் சொல்லுங்கள்.

யாரிடம் கேட்கிறார்கள் என்பதையும் பேசாமல் விடமுடியாது. அமெரிக்காவில் லிண்டா பாப்கொக்கும் மூன்று பெண் ஆய்வாளர்களும் சேர்ந்து 2017 இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. மூன்று பேரை ஒரு குழுவாக்கி, இரண்டு நிமிடத்துக்குள் யாராவது ஒருவர் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும் என்றார்கள். அழுத்தியவருக்கு ஒன்றேகால் டொலர், மற்ற இருவருக்கும் இரண்டு டொலர். ஒருவரும் அழுத்தாவிட்டால் எல்லோருக்கும் குறைவு. ஆணும் பெண்ணும் கலந்த குழுக்களில் ஆண்களைவிடப் பெண்கள் 48 சதவீதம் அதிகமாக அழுத்தினார்கள். சரி, பெண்களின் சுபாவம் அப்படி என்று சொல்லிவிடலாம் போலத் தோன்றும். ஆனால் ஆண்கள் மட்டும் இருந்த குழுக்களிலும் பெண்கள் மட்டும் இருந்த குழுக்களிலும் அந்த வித்தியாசம் இல்லாமல் போய்விட்டது. பெண் இல்லாத இடத்தில் ஆண்களும் அழுத்துகிறார்கள். பெண் இருந்தால், அவள் அழுத்துவாள் என்று காத்திருக்கிறார்கள். நேரடியாகக் கேட்டுப் பார்த்த இன்னொரு பரிசோதனையில் பெண்களிடமே அதிகம் கேட்டார்கள், பெண்கள் 76 சதவீதமும் ஆண்கள் 51 சதவீதமும் சம்மதித்தார்கள்.

எங்கள் ஓய்வறையை நினைத்துப் பாருங்கள். பரிசளிப்பு விழா என்றால் அழைப்பிதழில் பெயர் எழுதுவது யார்? கூட்ட அறிக்கை எழுதுவது யார்? கல்வி அலுவலகத்தில் இருந்து அதிகாரி வந்தால் தேநீருக்கு ஓடுவது யார்? “யாராவது ஒருவர் செய்யுங்கள்” என்று பொதுவாகச் சொன்னால் அந்த யாராவது யார் என்று முன்பே முடிவாகி இருக்கிறது. இதற்குத் தனி ஆள் இல்லை சொல்லிப் பிரயோசனம் இல்லை. ஒரு டீச்சர் மறுத்தால் வேலை அடுத்த டீச்சரிடம் போகும், அவ்வளவுதான். பெயர்களை எழுதி முறை வைப்பதுதான் இதற்கு வழி. கூட்ட அறிக்கை இந்த மாதம் நீங்கள், அடுத்த மாதம் அவர். முறை வந்துவிட்டால் அது வேண்டுகோள் இல்லை, வரிசையில் வந்த வேலை.

2021 இல் ஆசிரியர்களின் மறுப்பை நாடே பார்த்தது. சம்பள முரண்பாட்டைத் தீர்க்கக் கோரி ஜூலை 12 ஆம் திகதி தொடக்கம் இணையவழிக் கற்பித்தலில் இருந்து விலகி, ஒக்டோபர் 25 ஆம் திகதிதான் பாடசாலைக்குத் திரும்பினார்கள். அதைச் சரி என்பவர்களும் உண்டு, பிள்ளைகள் படிப்பு போனது என்பவர்களும் உண்டு. அந்த விவாதத்துக்கு இங்கே போகவில்லை. ஒன்றை மட்டும் கவனித்தோம். சங்கம் சொல்லும் இல்லைக்கு ஒரு கடிதம் இருந்தது, திகதி இருந்தது, பேச ஓர் ஆள் இருந்தார். பக்கத்து மேசையில் இருப்பவருக்குச் சொல்லும் இல்லைக்கு இது எதுவும் இல்லை. நாளைக்கும் அதே பஸ், அதே மேசை, அதே தேநீர். அதனால்தான் சம்பளத்துக்காக வீதியில் நின்ற ஆட்களே பிரிண்டருக்காக எழும்பி ஓடுகிறோம்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. சிங்களத்தில் வந்த படிவத்தை வாசித்துத் தரச் சொல்லியும், கிராம சேவையாளருக்குக் கடிதம் எழுதித் தரச் சொல்லியும் பாடசாலை வாசலுக்கு வருகிறீர்கள். வாருங்கள். மீள்குடியேறி இவ்வளவு காலமாகியும் எங்கள் பக்கத்தில் அதற்கு வேறு இடம் குறைவு என்பது எங்களுக்குத் தெரியும். ஒன்றரை மணிக்குப் பாடசாலை விட்ட பிறகு வாருங்கள், பஸ் வரும் வரை இருப்போம். பத்து மணிக்கு வந்தால் “இப்ப ஏலாது, ஒண்டரைக்கு வாங்க” என்போம். அன்று அவசரத்தில் திரும்பிப் போன ஒரு தாய் முகம் வாடியதைப் பார்த்து, இப்போது அலுவலகத்தில் ஒரு கொப்பி வைக்கச் சொல்லியிருக்கிறோம். பெயரையும் தேவையையும் எழுதிவிட்டுப் போனால் படிவத்தைப் பின்னேரம் பார்த்து வைப்போம், அடுத்த நாள் பிள்ளையிடமே கொடுத்து அனுப்பலாம். கடைசித் திகதி நாளைக்கு என்றால் அதையும் எழுதுங்கள், அதை முதலில் எடுப்போம்.

இந்தத் தவணைக்கு எங்கள் பகுதித் தலைவரிடம் இரண்டு விடயங்கள் கேட்டிருக்கிறோம். புள்ளிப் பதிவுக் கிழமையில் ஒவ்வொரு வகுப்பாசிரியருக்கும் இரண்டு பாடவேளைகளுக்கு ரிலீப் போடாமல் விடுவது. வினாத்தாள் மாற்றும் வேலைக்குப் பரீட்சைக்கு மூன்று கிழமைக்கு முன் ஒரு நாள் ஒதுக்கி, எல்லோரும் தங்கள் தாளோடு கணினி அறைக்கு வருவது. இரண்டாவதற்கு உடனே சம்மதித்தார். முதலாவதுக்கு “ஆள் இல்லையே டீச்சர்” என்றார். அது உண்மைதான், ஒரே நாளில் மூன்று பேர் லீவு என்றால் யாரை அனுப்புவது? ஒரு பாடவேளையாவது தரப் பார்க்கிறேன் என்றிருக்கிறார்.